ஓரத்து மதிப்பெண்கள் எங்கே போகின்றன?

டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021 ஆகஸ்ட் 5 அன்று பெண்களுக்கான 10 மீட்டர் டைவிங் இறுதிச் சுற்று நடந்தது. சீனாவின் குவான் ஹோங்சானுக்கு அப்போது வயது 14. ஐந்து டைவ்களில் அவர் எடுத்த மொத்தப் புள்ளி 466.20. தங்கம் அவருக்குத்தான். அந்த ஐந்தில் மூன்று டைவ்களுக்கு ஒரே புள்ளி கிடைத்தது: 96.00. அவற்றில் இரண்டுக்கு ஏழு நடுவர்களும் ஒருவர் விடாமல் பத்துக்குப் பத்து போட்டார்கள். மூன்றாவதில் அந்த ஒருமனது இல்லை; பத்துக்குக் கீழே போட்டவரும் உண்டு. ஆனாலும் புள்ளி அதே 96.00தான். குறைத்துப் போட்ட மதிப்பெண் மொத்தத்தில் துளிகூடக் குறைக்கவில்லை.

இது கணக்குப் பிழை அல்ல, விதியே அப்படித்தான். ஏழு நடுவர்கள் உட்காரும் டைவிங் போட்டியில் ஒவ்வொருவரும் 0 முதல் 10 வரை, அரை அரைப் புள்ளியாக மதிப்பெண் தருகிறார்கள். ஏழையும் வரிசையாக அடுக்கி, மேலே இரண்டையும் கீழே இரண்டையும் கழித்துவிடுகிறார்கள். நடுவில் மிஞ்சும் மூன்றைக் கூட்டி, அந்த டைவின் கடின எண்ணால் பெருக்குகிறார்கள். மேடை விளிம்பில் தண்ணீருக்கு முதுகைக் காட்டி நின்று, மேடைப் பக்கமாகவே மூன்றரைச் சுற்று உருண்டு இறங்கும் 407C என்ற டைவுக்கு 10 மீட்டர் உயரத்தில் கடின எண் 3.2. நடு மூன்றும் பத்து என்றால் கூட்டுத்தொகை 30, அதை 3.2ஆல் பெருக்கினால் 96.00. ஏழில் ஐந்து பேர் பத்து போட்டுவிட்டால் போதும். மீதி இருவர் என்ன போட்டிருந்தாலும் அந்த டைவுக்கு 96.00தான் வரும்.

புள்ளியியலில் இதற்கு ட்ரிம்டு மீன் என்று பெயர். ஓரம் கழித்த சராசரி என்று சொல்லலாம். பனிச்சறுக்குத் தாவலில் ஐந்து நடுவர்கள் ஆளுக்கு 20 புள்ளி வரை போடுவார்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று போக, மீதி மூன்றைக் கூட்டுவார்கள். ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஒன்பது நடுவர்கள். அங்கேயும் மேலே ஒன்று, கீழே ஒன்று போக, மிஞ்சிய ஏழின் சராசரிதான் கணக்கு.

யோசனை விளையாட்டில் பிறந்ததல்ல. 1821இல் பிரான்ஸில் ஒரு கணித இதழில் பெயர் போடாத கட்டுரை ஒன்று வந்தது. அந்நாட்டின் சில மாகாணங்களில் ஒரு நிலத்தின் சராசரி விளைச்சலை எப்படி மதிப்பிட்டார்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. தொடர்ந்து இருபது ஆண்டு விளைச்சலை எடுத்துக்கொள்வார்கள். அமோகமாக விளைந்த ஓர் ஆண்டையும் மிகக் குறைவாக விளைந்த ஓர் ஆண்டையும் விட்டுவிட்டு, மீதியைக் கூட்டிப் பதினெட்டால் வகுப்பார்கள். ஒரு நல்ல மழையோ ஒரு பெரும் வறட்சியோ நிலத்தின் இயல்பான தரத்தை மறைத்துவிடக் கூடாது என்பதுதான் காரணம்.

மனிதர்களின் தீர்ப்புக்கு இதே கேள்வியை எழுப்பியவர் பிரிட்டனின் ஃபிரான்சிஸ் கால்டன். ஒரு வழக்கில் எவ்வளவு நஷ்ட ஈடு தரலாம் என்று நடுவர் குழுவினர் ஆளுக்கொரு தொகை சொல்கிறார்கள். சராசரி எடுத்தால், யார் எவ்வளவு கிறுக்குத்தனமான தொகையைச் சொல்கிறாரோ அவருக்கு அவ்வளவு அதிகாரம் கிடைத்துவிடுகிறது. ஆகவே வரிசையில் நட்டநடுவில் நிற்கும் தொகையை எடுங்கள் என்று 1907இல் அவர் எழுதினார். இந்த நடு எண்ணை இடைநிலை என்கிறோம். ஓரம் கழித்த சராசரி, முழுச் சராசரிக்கும் இடைநிலைக்கும் நடுவே நிற்கிறது. ஓரத்தில் எவ்வளவு கழிக்கிறோமோ அவ்வளவுக்கு அது இடைநிலையின் பக்கம் நகரும்.

கழித்துவிட்டால் அந்த மதிப்பெண் செத்துவிட்டது என்று நம்மில் பெரும்பாலோர் நினைக்கிறோம். தொலைக்காட்சியில் போட்டியை விவரிப்பவர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள். அது முழு உண்மை அல்ல. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கிவிடும்.

இங்கே எண்கள் நான் வைத்துக்கொண்டவை, விதி மட்டும் டைவிங்கின் விதி. கடின எண் 3.2 உள்ள ஒரு டைவ். ஏழு நடுவர்களும் மனசாட்சிப்படி போட்டது: 7.0, 7.0, 7.5, 7.5, 7.5, 8.0, 8.0. இரண்டு 7.0களும் இரண்டு 8.0களும் போய்விட, நடுவில் மூன்று 7.5கள். கூட்டினால் 22.5. பெருக்கினால் 72.00.

இப்போது 7.5 போட்ட மூவரில் ஒருவருக்கு அந்த வீராங்கனைமேல் பாசம் என்று வைத்துக்கொள்வோம். தன் 7.5க்குப் பதிலாக 10 போடுகிறார். வரிசை இப்படி ஆகிறது: 7.0, 7.0, 7.5, 7.5, 8.0, 8.0, 10. மேல் ஓரத்தில் 10உம் ஒரு 8.0உம் போகின்றன. கீழே இரண்டு 7.0கள் போகின்றன. நடுவில் மிஞ்சுவது 7.5, 7.5, 8.0. கூட்டுத்தொகை 23.0. புள்ளி 73.60.

பத்து கழிந்துவிட்டது. ஆனால் புள்ளி 1.60 ஏறியிருக்கிறது. மேலே இடம் பிடித்த 10, ஏற்கெனவே அங்கே இருந்த ஒரு 8.0ஐ நடுவுக்குத் தள்ளிவிட்டது. கழிந்த மதிப்பெண் வேலை செய்யும் வழி இதுதான். அது கணக்கில் நேராகச் சேர்வதில்லை, வேறொன்றை உள்ளே தள்ளிவிடுகிறது.

ஓரம் கழிக்காமல் ஏழையும் சேர்த்துச் சராசரி எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒப்பிட வசதியாக அந்தச் சராசரியை மூன்றால் பெருக்கி, பிறகு 3.2ஆல் பெருக்குவோம். நேர்மையாகப் போட்டபோது 72.00. ஒருவர் 10 போட்டபோது 75.43. ஆக, முழுச் சராசரியில் அவர் கூட்டித் தர முடிந்தது 3.43 புள்ளி; ஓரம் கழித்தபோது 1.60. பாதிக்கும் கீழே வந்துவிட்டது. அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. முழுச் சராசரியில் மதிப்பெண்ணை ஏற்ற ஏற்ற லாபம் ஏறிக்கொண்டே போகும். ஓரம் கழித்த கணக்கில் 8.0க்கு மேல் ஏற்றி ஒரு பயனும் இல்லை. அவர் 8.5 போட்டாலும் 9.5 போட்டாலும் 10 போட்டாலும் அதே 73.60தான். தனி ஒரு நடுவரின் அதிகாரத்துக்கு மற்ற ஆறு பேரும் சேர்ந்து ஒரு வேலி போட்டுவிடுகிறார்கள். அந்த வேலியைத் தாண்டி அவரால் போக முடியாது.

ஆறு பேரும் ஒத்துப்போனால் வேலி இன்னும் நெருங்கும். மற்ற ஆறு மதிப்பெண்களும் 7.0, 7.5, 7.5, 7.5, 7.5, 8.0 என்று இருந்தால், ஏழாமவர் 10 போட்டாலும் 0 போட்டாலும் நடு மூன்றும் 7.5தான். அவரால் எதையும் அசைக்க முடியாது. குழு பிளவுபட்டு நிற்கும்போதுதான் தனி ஆளுக்குப் பலம் வருகிறது. டைவ் மிக நன்றாகவோ மிக மோசமாகவோ அமைந்தால் நடுவர்கள் பெரும்பாலும் ஒத்துப்போவார்கள். 7ஆ 8ஆ என்று மனம் ஊசலாடும் டைவ்களில்தான் பிளவு வரும். ஒரு பக்கம் சாய நினைக்கும் நடுவருக்கும் அதுவே தோதான இடம்.

கீழ் ஓரத்தையும் ஏன் கழிக்க வேண்டும் என்பதும் இதே கணக்கில் தெரியும். பாசம் உள்ளவர் தன் ஆளை ஏற்ற வேண்டும் என்பதில்லை, போட்டியாளரை இறக்கினாலும் போதும். அதே டைவுக்கு அதே நடுவர் 7.5க்குப் பதிலாக 0 போட்டால் நடுவில் மிஞ்சுவது 7.0, 7.5, 7.5, புள்ளி 70.40. இங்கே இழப்பும் அதே 1.60. மேல் ஓரத்தை மட்டும் கழித்துவிட்டுக் கீழ் ஓரத்தை விட்டுவைத்தால் அந்த 0 அப்படியே கணக்கில் ஏறிவிடும். ஏற்றுபவரைத் தடுத்து இறக்குபவரைத் திறந்துவிட்ட கதையாகிவிடும்.

அடுத்து வருவதுதான் எனக்கு இந்த விதியில் மிகவும் கவலை தரும் இடம். அந்த நடுவர் புத்திசாலி என்று வைத்துக்கொள்வோம். 10 போட்டு ஊரார் வாயில் விழாமல், 7.5க்குப் பதிலாக 8.0 மட்டும் போடுகிறார். அரைப் புள்ளி. யாரும் குறை சொல்ல முடியாது. இன்னும் இரண்டு பேர் அதே 8.0 போட்டிருக்கிறார்கள். அப்போதும் நடுவில் மிஞ்சுவது 7.5, 7.5, 8.0. புள்ளி 73.60. பத்து போட்டால் என்ன கிடைத்ததோ, அது முழுவதும் அரைப் புள்ளியிலேயே கிடைத்துவிட்டது. முழுச் சராசரியில் இதே அரைப் புள்ளிக்குக் கிடைப்பது வெறும் 0.69. ஏழு பேரில் மூவரின் மதிப்பெண்ணை மட்டும் எண்ணும்போது, அந்த மூன்றுக்குள் விழும் ஒவ்வொரு அரைப் புள்ளிக்கும் எடை கூடிவிடுகிறது. ஓரம் கழிப்பது பெரிய பொய்யைக் கட்டுப்படுத்துகிறது. சின்னச் சாய்வை அது தடுப்பதில்லை, சில நேரம் பெரிதாக்கவும் செய்கிறது.

1.60 புள்ளி சிறிதா பெரிதா என்பதற்கு 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கைப் பார்க்கலாம். ஆண்கள் 3 மீட்டர் ஸ்பிரிங்போர்டில் சீனாவின் சியோங் நி 708.72 புள்ளி எடுத்துத் தங்கம் வென்றார். மெக்சிகோவின் ஃபெர்னாண்டோ பிளாட்டாஸ் எடுத்தது 708.42. இடைவெளி 0.30. அப்போதைய விதிப்படி ஏழில் மேலே ஒன்றும் கீழே ஒன்றும்தான் கழியும். மீதி ஐந்தைக் கூட்டி, 0.6ஆல் பெருக்கி, பிறகு கடின எண்ணால் பெருக்குவார்கள். கடின எண் 3.0 உள்ள ஒரு டைவில், கணக்கில் சேரும் ஒரு மதிப்பெண் அரைப் புள்ளி மாறினால் மொத்தம் 0.90 மாறும். அதாவது ஒரே ஒரு டைவில் ஒரே ஒரு நடுவரின் அரைப் புள்ளியே தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையே இருந்த தூரத்தைப்போல மூன்று மடங்கு. அந்தத் தங்கம் தவறானது என்று நான் சொல்லவில்லை. அவ்வளவு நெருக்கமான போட்டியில் அரைப் புள்ளிச் சாய்வுக்கு எவ்வளவு கனம் என்பதைத்தான் காட்ட நினைக்கிறேன்.

அந்தச் சிட்னி டைவிங் போட்டிகளின் மதிப்பெண்களை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை, யேல் பல்கலைக்கழகத்தின் புள்ளியியலாளர் ஜான் எமர்சனும் அவருடைய கூட்டாளிகளும் எடுத்து ஆராய்ந்தார்கள். 2009இல் அந்த ஆய்வு வெளிவந்தது. சில நடுவர்கள் தங்கள் நாட்டுக்காரர்களுக்கு மற்ற நடுவர்களைவிடக் கூட்டிப் போட்டிருந்தது அதில் தெரிந்தது.

அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். ஒரு நடுவர் தன் நாட்டு வீரருக்கு மற்றவர்களைவிட அரைப் புள்ளி கூட்டிப் போட்டார் என்பதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. அவர் எல்லாருக்குமே தாராளமாகப் போடுகிறவராக இருக்கலாம். தாராளமானவர் எல்லாரையும் ஒரே அளவு ஏற்றுகிறார், அதனால் வரிசை மாறுவதில்லை. ஆகவே இரண்டு எண்களை வைத்துப் பார்க்க வேண்டும். பிற நாட்டுக்காரர்களுக்கு மதிப்பெண் போடும்போது இந்த நடுவர் குழுவின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறார் என்பது ஒன்று. தன் நாட்டுக்காரருக்குப் போடும்போது எவ்வளவு விலகுகிறார் என்பது இன்னொன்று. இரண்டும் ஒன்றாக இருந்தால் அது அவருடைய பழக்கம். இரண்டாவது விலகல் மட்டும் மீண்டும் மீண்டும் மேலே போனால் அது சாய்வு. ஒரு டைவை வைத்து இதைச் சொல்ல முடியாது. நூற்றுக்கணக்கான டைவ்கள் வேண்டும். ஓரம் கழிப்பது போட்டி நடக்கும் அந்த நிமிடத்துக்கான காவல். இந்தக் கணக்கு பிறகு நடக்கும் தணிக்கை. முதலாவது இருக்கிறது என்பதால் இரண்டாவது வேண்டாம் என்று ஆகிவிடாது.

இதுவரை பேசியது தனி ஆளைப் பற்றி. நடுவர்கள் கூடிப் பேசிக்கொண்டால் என்ன ஆகும்? நம்முடைய பழைய ஏழு மதிப்பெண்களையே எடுத்துக்கொள்வோம். 7.5 போட்ட ஒருவரும் 8.0 போட்ட ஒருவரும் சேர்ந்துகொண்டு இருவரும் 10 போடுகிறார்கள். வரிசை 7.0, 7.0, 7.5, 7.5, 8.0, 10, 10. மேலே கழியும் இரண்டும் அந்தப் பத்துகளே. நடுவில் 7.5, 7.5, 8.0. புள்ளி 73.60, தனி ஆள் செய்த அதே அளவுதான். வேலி நிற்கிறது. மூன்றாவதாக, 7.0 போட்ட ஒருவரும் அவர்களோடு சேர்ந்துவிட்டால் வரிசை 7.0, 7.5, 7.5, 8.0, 10, 10, 10 என்று ஆகிறது. இரண்டு பத்துகள் கழிந்தாலும் மூன்றாவது பத்து நடுவில் உட்கார்ந்துகொள்கிறது. நடுவில் 7.5, 8.0, 10. புள்ளி 81.60. எகிறிவிட்டது. எத்தனை பேரை ஓரத்தில் கழிக்கிறோமோ அத்தனை பேரின் சூழ்ச்சியை விதி தாங்கும். அதற்கு மேல் ஒருவர் சேர்ந்தால் உடைந்துவிடும். சிட்னியில் ஓரத்துக்கு ஒன்றுதான் கழிந்தது, அங்கே இருவர் சேர்ந்தாலே வேலி உடைந்திருக்கும். இப்போது இரண்டிரண்டாகக் கழிப்பது அந்த வகையில் நல்ல மாற்றம்.

ஃபிகர் ஸ்கேட்டிங்கின் கதை இதைவிடக் கசப்பானது. 2002 பிப்ரவரியில் சால்ட் லேக் சிட்டி குளிர்கால ஒலிம்பிக்கில் ஜோடிகளுக்கான போட்டி. ரஷ்யாவின் எலினா பெரெஷ்னயா, அன்டோன் சிகாருலிட்ஸே ஒரு பக்கம். கனடாவின் ஜேமி சாலே, டேவிட் பெல்டியே மறுபக்கம். ரஷ்ய ஜோடியில் சிகாருலிட்ஸே ஒரு தாவலில் தரையிறங்கும்போது தடுமாறினார். கனடா ஜோடி பிசகில்லாமல் ஆடி முடித்தது. ஒன்பது நடுவர்களில் ஐந்து பேர் ரஷ்யாவுக்கும் நான்கு பேர் கனடாவுக்கும் முதலிடம் கொடுத்தார்கள். தங்கம் ரஷ்யாவுக்குப் போனது. பிறகு, ரஷ்யாவின் பக்கம் நின்ற பிரான்ஸ் நடுவர் தன் நாட்டுச் சங்கத்தின் நெருக்கடியால் அப்படிச் செய்தார் என்ற குற்றச்சாட்டு வெடித்தது. சில நாட்களில் கனடா ஜோடிக்கும் ஒரு தங்கம் தரப்பட்டது. அந்த நடுவரும் பிரெஞ்சுச் சங்கத் தலைவரும் மூன்று ஆண்டுகள் தடை செய்யப்பட்டார்கள்.

அன்றைய ஸ்கேட்டிங் விதியில் ஓரம் கழிப்பது இல்லை. இருந்தாலும் அந்த விதி, ஒரு நடுவர் தாறுமாறாக மதிப்பெண் போடுவதை நன்றாகவே தாங்கக்கூடியது. 6.0க்குப் போடும் மதிப்பெண்கள் நேராகக் கூட்டப்படவில்லை. யார் முதலிடம், யார் இரண்டாமிடம் என்ற வரிசைக்காக மட்டுமே அவை பயன்பட்டன. ஒரு நடுவர் எதிரணிக்குப் படுகேவலமாகக் குறைத்துப் போட்டாலும் அது ஒரு வாக்குத்தான். அப்படிப்பட்ட விதியும் விழுந்தது. ஐந்துக்கு நான்கு என்று குழு பிளவுபட்டு நிற்கும்போது ஒரே ஒருவர் பக்கம் மாறினால் முடிவு மாறும். விலைபோன வாக்கு ஓரத்தில் இருந்தால் கழிக்கலாம். சால்ட் லேக்கில் அது நட்டநடுவில் இருந்தது.

அந்த ஊழலுக்குப் பிறகு சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் பழைய முறையைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிய முறையை 2004இல் கொண்டுவந்தது. ஒவ்வொரு தாவலுக்கும் ஒவ்வொரு சுழலுக்கும் தனித்தனியாக மதிப்பெண், தனித்தனியாக ஓரம் கழிப்பு. ஒரு தாவலில் கழிந்தவர் அடுத்த சுழலில் கணக்கில் இருப்பார். கூடவே இரண்டு ஏற்பாடுகள் செய்தார்கள். 2006இல் டுரின் ஒலிம்பிக்கில் பன்னிரண்டு நடுவர்கள் மதிப்பெண் போட்டார்கள், அவர்களில் ஒன்பது பேரை மட்டும் கணினி குலுக்கிப்போட்டு எடுத்தது. யார் எந்த மதிப்பெண் போட்டார் என்பதும் வெளியே சொல்லப்படவில்லை. வாக்கை வாங்கியவருக்கு, வாங்கிய வாக்கு கணக்கில் சேர்ந்ததா என்றுகூடத் தெரியக் கூடாது என்பது நோக்கம்.

நோக்கம் சரி, ஆனால் குலுக்கலுக்கு ஒரு விலை இருந்தது. பன்னிரண்டு பேரில் ஒன்பது பேரை 220 விதமாகத் தேர்ந்தெடுக்கலாம். நெருக்கமான போட்டியில் இந்த 220இல் எது விழுகிறது என்பதைப் பொறுத்தே இடங்கள் மாறக்கூடும். ஆடியவர் ஆட்டம் மாறவில்லை, நடுவர்களின் மனமும் மாறவில்லை, சீட்டுத்தான் மாறியது. இதையும் அதே எமர்சன் கணக்குப் போட்டு எடுத்துக்காட்டினார். பெயர் மறைப்பு அதைவிடக் கெடுதல். எந்த நடுவர் எதைப் போட்டார் என்று தெரியாவிட்டால், தன் நாட்டுக்காரருக்கு எவ்வளவு விலகினார் என்ற தணிக்கையை வெளியாட்கள் செய்யவே முடியாது. 2016இல் பெயர் மறைப்பு கைவிடப்பட்டது. குலுக்கலும் இன்று இல்லை. ஓரம் கழிப்பு மட்டும் நிலைத்துவிட்டது.

இன்றைய ஸ்கேட்டிங்கில் ஒவ்வொரு அசைவின் தரத்துக்கும் -5 முதல் +5 வரை போடுகிறார்கள். ஒன்பதில் எட்டுப் பேர் +2உம் ஒருவர் +5உம் போட்டால் விடை +2தான். இருவர் +5 போட்டால் ஒன்று கழிந்து ஒன்று மிஞ்சும். அப்போது சராசரி 2.43. அடிப்படை மதிப்பு 10 உள்ள ஒரு தாவலில் இது 0.43 புள்ளி கூடுதல். ஒரு ஆட்டத்தில் பல தாவல்கள், பல சுழல்கள். ஒவ்வொன்றிலும் இப்படிச் சேர்ந்தால் பதக்கம் கைமாறும். ஒன்பதில் ஓரத்துக்கு ஒன்றுதான் கழிகிறது என்பதால், ஏழில் இரண்டு கழிக்கும் டைவிங்கைவிட இந்த வேலி உயரம் குறைவு.

அப்படியானால் இன்னும் கழிக்கலாமே, நடுவில் ஒன்றே ஒன்றை வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். கால்டன் சொன்னதும் அதுதான். அதற்கும் ஒரு விலை உண்டு. அரைப் புள்ளிப் படிகளில் போடும் மதிப்பெண்களில் நடு எண்ணை மட்டும் எடுத்தால், பாதிப் போட்டியாளர்கள் ஒரே எண்ணில் வந்து நிற்பார்கள். 7.5க்கும் 8.0க்கும் இடையே எதுவும் இருக்காது. மூன்றைக் கூட்டும்போது நடுவில் இன்னும் இரண்டு படிகள் கிடைக்கின்றன. தவிர, நேர்மையான நடுவர்களுக்கும் கண் தவறும், கவனம் சிதறும். அந்தச் சின்னத் தவறுகள் ஒன்றையொன்று ஈடுகட்டுவது பலரின் மதிப்பெண்ணைச் சேர்க்கும்போதுதான். கழிக்கக் கழிக்கப் பொய்க்கான இடம் குறையும், உண்மைக்கான ஆதாரமும் கூடவே குறையும்.

கழிந்தவர் தவறானவர் என்று நினைத்துவிடவும் கூடாது. டைவிங் நடுவர்கள் நீச்சல் குளத்தின் இரு பக்கமும் உட்காருகிறார்கள். தண்ணீரில் இறங்கும் நொடியில் கால்கள் செங்குத்தைத் தாண்டிச் சாய்ந்ததா என்பது ஒரு கோணத்தில் தெளிவாகத் தெரியும், இன்னொரு கோணத்தில் தெரியாது. ஆறு பேர் பார்க்காத ஒன்றை ஒருவர் பார்த்து 6.5 போட்டிருக்கலாம். விதி அவரையும் பாசக்கார நடுவரையும் ஒரே மாதிரிதான் நடத்துகிறது. யார் நேர்மையானவர் என்று விதிக்குத் தெரியாது, அது அதைக் கேட்பதும் இல்லை. இந்த இழப்பைத் தெரிந்தேதான் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

நம் பள்ளிகளிலும் சபாக்களிலும் பேச்சு, பாட்டு, நடனப் போட்டிகளுக்கு மூன்று நடுவர்களை உட்கார வைத்து மொத்தம் போடும் வழக்கம் பரவலாக உண்டு. அங்கே இந்த ஆபத்து இன்னும் பெரிது. ஒரு பிள்ளைக்கு மூவரும் 70, 68, 30 போடுகிறார்கள். இன்னொரு பிள்ளைக்கு 66, 65, 75. முதல் இரு நடுவர்களும் முதல் பிள்ளையே மேல் என்கிறார்கள். மொத்தத்திலோ 168க்கு எதிராக 206 என்று இரண்டாவது பிள்ளை வென்றுவிடுகிறது. மூன்றாமவர் ஒருவரே முடிவு செய்துவிட்டார். அவர் சதி செய்திருக்க வேண்டும் என்பதில்லை. மற்ற இருவரும் 65க்கும் 70க்கும் இடையிலேயே போட, அவர் மட்டும் 30க்கும் 75க்கும் இடையே பரவலாகப் போட்டார், அவ்வளவே. ஒவ்வொரு பிள்ளைக்கும் மேலே ஒன்றும் கீழே ஒன்றும் கழித்து நடு எண்ணை எடுத்தால் 68க்கு எதிராக 66. முதல் பிள்ளை வெல்கிறது.

போட்டி நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். மூன்று நடுவர்கள்தான் கிடைப்பார்கள் என்றால் நடு மதிப்பெண்ணை எடுங்கள். இருவருக்கு நடு எண் ஒன்றாக வந்தால் மட்டும் மொத்தத்தைப் பாருங்கள். ஐந்து பேர் கிடைத்தால் ஓரத்துக்கு ஒன்றைக் கழித்து, மீதி மூன்றைக் கூட்டுங்கள். எப்படிக் கழிப்போம் என்பதைப் போட்டி தொடங்கும் முன்பே எழுதி ஒட்டிவிடுங்கள். முடிவைப் பார்த்த பிறகு விதியைத் தேர்ந்தெடுத்தால் அது விதி அல்ல. முடிந்ததும் கழிந்தவை உட்பட எல்லா மதிப்பெண்களையும் நடுவர்களின் பெயரோடு பலகையில் போடுங்கள்.